ஏழாம் குறிப்புக்குப் பதில்

பதில் கடிதம் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு டெசிபலின் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தது. கூடவே அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரின் ஒரே வரி: "பாத்துட்டு சொல்லும்மா. வெள்ளிக்கிழமை இதழோட தளத்துல ஏத்திடலாம்."

டெசிபல் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பதினைந்து வருடமாகக் காது பரிசோதிக்கிறவள். ஆனால் அவள் பேசுவது பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. "அக்கா பேசுறத அளக்கவே தனியா ஒரு மெஷின் வாங்கணும்" என்று புள்ளிவிவரக்காரத் தம்பி ஒருநாள் சொன்னான். அன்றிலிருந்து துறையில் எல்லோருக்கும் அவள் டெசிபல்தான். பதிலுக்கு அவள் அவனுக்குச் சராசரி என்று பெயர் வைத்தாள். கணக்கு தீர்ந்தது.

அந்தக் கடிதத்தில்தான் அவளுடைய ஆறு வருட உழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நெசவு ஆலைத் தொழிலாளிகள் எண்பத்து நான்கு பேரின் காதுகளைச் சோதித்து, தறிச் சத்தம் அவர்களை என்ன செய்திருக்கிறது என்று எழுதிய கட்டுரை. ஆய்விதழ் அதைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்புகளை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதிலோடு முப்பது நாளில் திருத்தித் தரச் சொல்லியிருந்தது. அந்தப் பதில்களைத் தொகுத்துப் பேராசிரியர் தயாரித்த வரைவுதான் இந்தக் கடிதம். கட்டுரை ஏற்கப்பட்டால்தான் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும் என்பது பல்கலைக்கழக விதி. பதிவுக் காலம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டால் அலுவலகத்து உதவியாளரே சிரித்துவிடுவார்.

அவள் வேலை செய்கிற முறை ஒன்றுண்டு. கடிதத்தை இடப்பக்கமும் திருத்திய கட்டுரையை வலப்பக்கமும் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். மதிப்பீட்டாளரின் குறிப்பு தடித்த எழுத்தில் இருக்கும். அதன் கீழே பதில். அதன் கீழே 'மாற்றம்: பக்கம் இத்தனை, வரி இத்தனை'. திருத்தக் குறிகளோடு உள்ள பிரதியில் வரி எண் ஒன்றாகவும், சுத்தப் பிரதியில் வேறாகவும் வரும். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். மதிப்பீட்டாளர் வரி 131ஐத் தேடிப் போய் அங்கே வேறு எதையோ பார்த்தால், அப்புறம் மகாராஜாவே பதில் எழுதினாலும் நம்பமாட்டார்.

முதல் மதிப்பீட்டாளர் தங்கமான மனிதர். ஒன்பது குறிப்பு, அதில் நாலு மேற்கோள் பட்டியலில் விட்டுப்போன ஆண்டுகள் பற்றியது. இரண்டாமவர்தான் ஆள் விஷயமுள்ளவர். கேள்வி ஒவ்வொன்றும் நேரே எலும்பில் போய் நின்றது. ஐந்தாவது குறிப்பு, சோதனைக்கு முன் தொழிலாளிகள் எத்தனை மணி நேரம் சத்தத்திலிருந்து விலகி இருந்தார்கள் என்று. பதினான்கு மணி நேரம், பதில் சரி, வரி எண் சரி. ஆறாவது, வயதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று. எடுத்தோம், சரி.

அடுத்தது எட்டாவது.

அவள் மேலே போனாள். ஆறு. கீழே வந்தாள். எட்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

எண் போடும்போது தவறியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பேராசிரியர் எண் தவறுகிற ஆள் இல்லை. வீட்டுச் சாவிக்கொத்திலேயே சாவிகளுக்கு எண் ஒட்டிவைத்திருக்கிற மனிதர். சந்தேகப்பட்டுக்கொண்டே பதினோராவது குறிப்புக்கு வந்தபோது, பூனை தானாகவே வெளியே வந்தது. மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: 'அட்டவணை இரண்டின் இடது காது எண்ணிக்கை பற்றி, ஏழாம் குறிப்பில் நான் எழுப்பிய கவலை இங்கும் பொருந்தும்.'

அதாவது ஏழு இருந்திருக்கிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் பதினொன்றைத் தொட மறந்துவிட்டார்.

இதழாசிரியரின் முடிவுக் கடிதம் தொடர்புக்குரிய ஆசிரியர் ஒருவருக்குத்தான் போகும், அது பேராசிரியர். அவள் முதல் ஆசிரியராக இருந்தும் மூலக் கடிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. 'குறிப்பெல்லாம் நான் வரிசைப்படுத்தித் தரேம்மா' என்று அவர் சொன்னபோது, எவ்வளவு அக்கறை என்று நினைத்து நெகிழ்ந்துபோனவள் அவள். இப்போது அந்த நெகிழ்ச்சியை நினைத்து அவளுக்கே எரிச்சலாக வந்தது.

மூன்று மணிக்குச் சராசரியின் அறைக்குப் போனாள். அவன் திரையில் ஏதோ வரைபடம் வைத்திருந்தான். அவள் தலையைப் பார்த்ததும் அதைச் சுருக்கிவிட்டு, ஒன்றுமில்லாத திரையை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"தம்பி, ரெண்டாவது ஆளோட ஏழாவது குறிப்பு எங்கப்பா?"

"எந்த ஏழாவது அக்கா?"

"ஆறுக்கு அப்புறம் வருமே, அந்த ஏழாவது."

அவன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினான். "அதெல்லாம் சார்தான் பாக்குறாரு. நீங்க சார்கிட்டயே கேட்டுடுங்களேன்."

"நீ பாத்தியா இல்லையா?"

"அக்கா, என்னை விட்டுடுங்க. நான் வெறும் கணக்குப்பிள்ளை."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குக் காதுமடலே சிவந்திருந்தது. டெசிபலுக்குக் காதுமடல் பார்க்கத் தெரியும்.

அங்கிருந்து நேராகச் சோதனை அறைக்குப் போனாள். கதவருகே சாவிப் பதிவேடு நூலில் கட்டித் தொங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு வார விடுமுறை நாள், காலை ஏழு பத்துக்குப் பேராசிரியர் சாவி எடுத்திருந்தார். ஒரு மணிக்குத் திருப்பியிருந்தார். நோக்கம் என்ற இடத்தில் 'பணி' என்று ஒரே சொல். கருவியின் பயன்பாட்டுக் குறிப்பில், அன்றைக்குப் பதினான்கு சோதனை நடந்ததாக ஒரு புதுக் கையெழுத்து இருந்தது.

அவளுக்குத் தெரியாமல், அவளுடைய அறையில், அவளுடைய கருவியில் பதினான்கு பேர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். ஆனால் பேய் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமா?

வீட்டுக்கு வந்து சட்டியை அடுப்பில் வைத்த வேகத்திலேயே கணவனுக்கு விஷயம் புரிந்தது. அவன் மின்தூக்கி பழுது பார்க்கிறவன். பூட்டிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு பேசிப் பேசி அவனுக்குப் பொறுமை அதிகம்.

"என் பேரை ரெண்டாவதாத் தள்ளப் போறாருங்க" என்றாள். "வேற யாரையோ வெச்சு புதுசா டெஸ்ட் எடுத்திருக்காரு. அந்த ஏழாவதுல அதான் இருக்கு. புது ஆள் பேரு முதல்ல வரும். அப்புறம் இந்தக் கட்டுரை என் பட்டத்துக்குச் செல்லாது."

"கட்டுரை அட்டையில உன் பேரு எங்க இருக்கு?"

"முதல்லதான் இருக்கு. ஆனா ஏத்தும்போது அந்தப் படிவத்துல மாத்தலாமே."

அவன் தட்டை எடுத்து வைத்தான். "எங்க தொழில்ல ஒண்ணு சொல்லுவேன். லிஃப்ட் ஆறுல இருந்து நேரா எட்டுக்குப் போச்சுன்னா, ஏழாவது மாடிய எவனோ திருடிட்டான்னு ஜனங்க நினைப்பாங்க. ஏழாவது மாடியில யாரோ கதவைச் சரியா சாத்தாம வந்திருப்பாங்க. அவ்ளோதான். முதல்ல கடைசியா அந்த மாடியில இறங்கினது யாருன்னு பாரு."

"நான் சொல்றது என்ன, நீங்க சொல்றது என்ன."

"சரி, நான் சொல்லலை. சாப்பிடு."

ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. பதினான்கு என்ற எண்ணும் விடவில்லை. பேரைத் தள்ளுவதற்கு எதற்குப் பதினான்கு பேர்? எண்பத்து நான்கு பேரையும் அல்லவா சோதித்திருக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை தரவுத் தாளைத் திறந்தாள். 'இடது காது' என்று மதிப்பீட்டாளர் சொன்னதை வைத்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேதி வாரியாகப் பிரித்தாள். பத்து நிமிட வேலை. ஆறு மாதமாக யாரும், அவளும்தான், செய்யாத பத்து நிமிட வேலை.

ஒரே ஒரு நாளில் மட்டும் பதினான்கு பேருக்கு இடது காது மோசமாக இருந்தது. எல்லா அலைவரிசையிலும் பத்து, பதினைந்து, இருபது. பெரும்பாலும் பதினைந்து டெசிபல். சத்தத்தால் போகிற காது அப்படிப் போகாது. அது உச்ச ஒலிகளில் பள்ளம் விழும். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றுபோல விழும். இது பள்ளம் இல்லை. முழு இடது காதையும் யாரோ ஒரு படி கீழே இறக்கி வைத்தது மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். முதல் மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை.

அந்த நாள் ஞாபகம் வந்தது. நான்காவது ஆள் உள்ளே உட்கார்ந்து, "இந்தப் பக்கம் கரகரங்குதும்மா" என்றார். ஹெட்போனின் இடப்பக்கக் கம்பி தேய்ந்திருந்தது. வெளியே ஆலை வண்டி காத்திருந்தது. ஓட்டுநர் நேரமாகுது என்று மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டார். அவள் பக்கத்து அறையில் மாணவர்கள் பழகுகிற பழைய கருவியிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினாள். மறுநாள் கம்பி மாற்றி, கருவியையும் அளவு சரிபார்த்து, சான்றிதழும் வாங்கிக் கோப்பில் வைத்தாள். எல்லாம் சரியாக முடிந்தது என்று நினைத்தாள்.

ஒரு கருவியின் ஹெட்போனை இன்னொன்றில் மாட்டக்கூடாது. இரண்டும் ஒன்றாக வைத்துத்தான் அளவு சரிபார்க்கப்படும். மாற்றினால் முள் ஒரு அளவைக் காட்டும், காதுக்கு வேறு அளவு போகும். இதை முதலாண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். தினமும் முதல் ஆளுக்கு முன்னால் தன் காதையே வைத்துக் கருவியைச் சோதித்துச் 'சரி' என்று எழுதுகிறவளும் அவள்தான். அன்றும் எழுதியிருந்தாள், காலையில், பழைய ஹெட்போன் இருந்தபோது.

இதைவிட வெட்கக்கேடு ஒன்றிருந்தது. எண்கள் வந்தபோது இடது காது மோசமாக இருப்பதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்து, அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்திருந்தாள். தறியின் மோட்டார் தொழிலாளியின் இடப்பக்கம் இருப்பதால் அந்தக் காது அதிகம் அடிபடுகிறது என்று பன்னிரண்டு வரி. பக்கம் 14, வரி 311 முதல் 322 வரை. கட்டுரையிலேயே அவளுக்குப் பிடித்த பத்தி. கணவனுக்குக்கூட வாசித்துக் காட்டியிருந்தாள்.

கடைசியாக ஏழாவது மாடியில் இறங்கியது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் இடித்தது. தப்பு அவளுடையது என்றால், அதை ஏன் அவளிடம் மறைக்க வேண்டும்?

பேராசிரியர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். அதுவே அவர் அதிர்ந்துபோகப் போதுமானதாக இருந்தது.

"சார், ஏழாவது குறிப்பைக் குடுங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினார். முதல் தாளில் மதிப்பீட்டாளரின் ஏழாம் குறிப்பு: 'பதினான்கு பேரின் இடது காது அளவுகள் ஏற்க முடியாத ஒழுங்கோடு உள்ளன. இவை உண்மையில் அளக்கப்பட்டவைதானா என்பதை ஆசிரியர்கள் உறுதிப்படுத்த வேண்டும்.'

உண்மையில் அளக்கப்பட்டவைதானா. அவள் அதை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள்.

"நான் அளக்காமலே உக்காந்து எழுதிட்டேன்னு நினைச்சீங்க."

"நான் நினைக்கலம்மா. அவர் கேட்டாரு."

"நீங்க நினைக்கலன்னா என்கிட்ட கேட்டிருப்பீங்க. எனக்குத் தெரியாம ஞாயித்துக்கிழமை பதினாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். "பதினாலு பேருக்கும் எல்லா அலைவரிசையிலும் கிட்டத்தட்ட அதே பதினஞ்சு. மனுஷக் காது அப்படி இருக்காதும்மா. வண்டி காத்திட்டிருந்திருக்கும், ரெண்டாவது காதுக்கு நேரமிருந்திருக்காது, முதல் காதுக்கு வந்ததோட பதினஞ்சு கூட்டி நீ போட்டிருப்பியோன்னு... அப்படி யாராவது செய்வாங்கதானே. என் பழைய மாணவி ஒருத்தி, வேற ஆஸ்பத்திரியில இருக்கா, அவளை வெச்சு எடுத்தேன். உன்கிட்ட சொன்னா அப்புறம் அது சோதனையா இருக்காது."

"என்ன வந்துச்சு?"

"இடதும் வலதும் ஒண்ணுதான். எட்டு பேருக்கு இடது காதுல பாதிப்பே இல்ல. நீ போட்டதுதான் தப்பு."

இரண்டாவது தாள் அவர் எழுதிவைத்திருந்த பதில். 'மதிப்பீட்டாளருக்கு நன்றி. தரவுகளைத் தாளிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது நேர்ந்த எழுத்துப் பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.' அவ்வளவுதான். இரண்டு வரி. வெள்ளிக்கிழமை கடிதத்தை ஏற்றும் நேரத்தில் அவரே அதை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் செருகியிருப்பார். அவள் பெயரில், அவள் பார்க்காத ஒரு பொய்.

அவர் தன் பெயரைத் திருடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவள் எண்களைத் திருடினாள் என்று அவர் நினைத்திருந்தார். ஒரே நடைபாதையில் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது. அழவில்லை.

"சார், என் கூட வாங்க. தம்பியையும் கூப்பிடுங்க."

சோதனை அறையில், பக்கத்து அறைப் பழைய ஹெட்போனைக் கொண்டுவந்து தன் கருவியில் மாட்டினாள். தானே உள்ளே போய் உட்கார்ந்து, ஹெட்போனின் சிவப்புப் பக்கத்தை வலது காதிலும் நீலப் பக்கத்தை இடது காதிலும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நின்ற சராசரியிடம் எந்தக் குமிழை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொன்னாள். அவளுடைய காதின் அளவு துறைக்கே தெரியும். தினமும் அதை வைத்துத்தான் கருவியையே நம்புகிறார்கள். இரண்டு பக்கமும் ஐந்து டெசிபல். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினாள்.

வலது காது: ஐந்து, ஐந்து, பத்து, ஐந்து. இடது காது: இருபது, இருபது, இருபத்தைந்து, இருபது.

சராசரி எழுதிய தாளைப் பேராசிரியரிடம் நீட்டினான். அவர் இரண்டு வரிசையையும் விரல் வைத்து ஒப்பிட்டார். பிறகு கதவைத் திறந்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். கண்ணாடிக் கதவு திறந்திருந்ததால் அது நன்றாகவே கேட்டது.

"நானும் உங்களைத் தப்பா நினைச்சேன் சார். நேத்துப் பூரா" என்றாள். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சராசரிதான் முதலில் மூச்சு விட்டான். "அப்ப பிரச்சினை தீந்துச்சுல்ல? எழுத்துப் பிழைன்னே போட்டுடலாமே. திருத்துன எண்ணு எப்படியும் அதேதான். ஹெட்போன் மாத்துனோம்னு எழுதுனா, மத்த எழுபது பேரையும் எப்படி நம்புறதுன்னு கேப்பாங்க. அக்காவுக்கு ஒரு மாசம்தான் இருக்கு."

சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பேராசிரியரும் அவள் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. முடிவை அவள் தலையில் வைத்துவிட்டு நின்றார், கெட்டிக்காரர்.

"எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டது போதும்" என்றாள் டெசிபல். "அந்த ஆளு நேராக் கேட்டிருக்காரு. நேராச் சொல்லிடுவோம்."

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏழாம் குறிப்புக்குப் பதில் எழுதினாள். மதிப்பீட்டாளர் சந்தேகப்பட்டது சரி. குறிப்பிட்ட நாளில், நான்காவது ஆளிலிருந்து, அந்தக் கருவியோடு அளவு சரிபார்க்கப்படாத ஹெட்போன் பயன்படுத்தப்பட்டது. இது முதல் ஆசிரியரின் தவறு. அதன் இடப்பக்கம் சுமார் பதினைந்து டெசிபல் குறைவாக ஒலித்தது. சோதித்த அளவு துணை அட்டவணை மூன்றில். மற்ற நாள்களில் கருவியின் சொந்த ஹெட்போனே இருந்தது. தினசரிச் சோதனைத் தாள்களும் மறுநாள் சான்றிதழும் இணைப்பில். பதினான்கு பேரும், முந்தைய முடிவு தெரியாத வேறொரு பரிசோதகரால் மறுபடி சோதிக்கப்பட்டார்கள்; அவருக்கு நன்றியுரையில் இடம். மாற்றம்: அட்டவணை இரண்டில் இடது காது பாதிப்பு 38 பேர் என்பது 30 பேர், சுருக்கவுரையில் நாற்பத்தைந்து சதவீதம் என்பது முப்பத்தாறு. பக்கம் 14, வரி 311 முதல் 322 வரை நீக்கப்பட்டது.

நீக்கும்போது அந்தப் பன்னிரண்டு வரி சிவப்புக் கோடு விழுந்து கிடந்ததை ஒரு முறை படித்தாள். நல்ல பத்திதான். உண்மையாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று மேலிருந்து கீழே படித்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கட்டுரையின் ஆறாம் பக்கத்தில், அவளே எழுதிய ஒரு வரி: 'ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் அவரது சோதனை முடிவு எழுத்தில் வழங்கப்பட்டது.'

வழங்கப்பட்டது. பதினான்கு பேரிடமும் அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. எட்டுப் பேருக்கு, இடது காது கெட்டுவிட்டது என்று. கடிதத்தில் எல்லா மாற்றத்துக்கும் பக்கமும் வரியும் இருந்தது. இதற்குப் பக்கம் எங்கே, வரி எங்கே?

பதிலின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தாள்: 'பதினான்கு பேருக்கும் திருத்திய முடிவு நேரில் தெரிவிக்கப்பட்டது.' பிறகு அதற்கு மஞ்சள் நிறம் அடித்தாள். அது உண்மையாகிறவரை கடிதம் போகாது.

வியாழக்கிழமை ஆலையின் முதலுதவி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக வரச்சொல்லிச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "நான் அந்தச் சீட்டை அன்னிக்கே தொலைச்சுட்டேன்" என்றார். நாலு பேருக்குக் கோபம் வந்தது; அதில் ஒருவர் மேலாளரிடம் போவேன் என்றார், போங்கள் என்றாள். பதின்மூன்று பேர் முடிந்தார்கள்.

பதினான்காவது ஆள் தறிக்காரப் பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்து, டெசிபல் தன் வலப்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த எட்டுப் பேரில் இவளும் ஒருத்தி என்று அந்த ஒரு அசைவிலேயே தெரிந்தது.

சொல்லி முடித்தபோது அந்தப் பெண்மணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த பழைய சீட்டை எடுத்து, புதுச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுலயும் உங்க கையெழுத்து. அதுலயும் உங்க கையெழுத்து. இதுல எது பொய்யி?"

"பழசு தப்பு. புதுசு சரி."

"போன ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு வந்து காதுல ஊதுனா. ஏன்னு கேட்டா சொல்லலை. இப்ப நீங்க வந்து நல்லாருக்குங்கறீங்க. ஆலைக்காரன் சொல்லிக்குடுத்து அனுப்பினானா? நாளைக்கு நாங்க காது போச்சுன்னு கேக்கக் கூடாதுன்னு?"

மதிப்பீட்டாளர்கூட இப்படிக் கேட்கவில்லை. டெசிபல் ஏழாம் குறிப்பின் பதில் தாளைப் பையிலிருந்து எடுத்து, எழுதியிருந்ததை வரிவரியாகச் சொன்னாள். ஹெட்போன், வண்டி, ஓட்டுநர், தன் காதை வைத்துப் பார்த்தது, எல்லாம். 'இது முதல் ஆசிரியரின் தவறு' என்ற இடத்தில் விரலை வைத்து, அந்த முதல் ஆசிரியர் நான்தான் என்றாள். இதில் யாருக்கும் லாபமில்லை, எனக்குப் பட்டமே போனாலும் போகலாம் என்றும் சொன்னாள்.

அந்தப் பெண்மணி தாளை வாங்கிப் பார்த்தாள். படித்தாளோ என்னவோ, விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசமா வீட்டுக்காரரை இந்தப் பக்கமே படுக்க வெச்சிருக்கேன்" என்றாள், வலது தோளைத் தொட்டு. "பையன் கூப்பிட்டா திரும்பி நின்னு கேக்குறேன். மெஷின்ல நூல் அறுந்தா இந்தக் காதுல கேக்காதுன்னு பயந்து பயந்து பாக்குறேன். அப்ப இவ்வளவு நாளும் எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சா?"

டெசிபல் தலையசைத்தாள்.

அந்தப் பெண்மணி எழுந்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். தறிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. மறுபடி வந்து உட்கார்ந்து, வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, டெசிபலின் வாய் தெரியாதபடி கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லுங்க. நான் நம்பணும்ல."

பக்கத்து நாற்காலிக்கே எட்டாத குரல் அவளுடையது. அதை உயர்த்தவும் அவளுக்குத் தோன்றவில்லை. உயர்த்தினால் சோதனை கெட்டுவிடும். எப்போதும் பேசுகிற அளவிலேயே, அந்த இடது காதைப் பார்த்துச் சொன்னாள்.

"தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அந்தப் பெண்மணி கண்ணைத் திறந்தாள். பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

பழைய சீட்டைக் கிழிக்காமல், புதுச் சீட்டோடு சேர்த்து மடித்து, இரண்டையுமே சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு தறிக்குப் போனாள். டெசிபல் மடிக்கணினியைத் திறந்து கடைசி வாக்கியத்தின் மஞ்சள் நிறத்தை எடுத்தாள்.